கறை நல்லது: இரண்டு சொல்லுக்குள் நடந்த வேலை

சேற்றில் விழுந்த தங்கை அழுகிறாள். அண்ணன் அந்தச் சேற்றையே கையால் குத்திக் குத்தி, மன்னிப்புக் கேட்கச் சொல்லி மிரட்டுகிறான். அவனுடைய பள்ளிச் சீருடை முழுக்கச் சேறு. 2005-இல் வந்த சர்ஃப் எக்ஸெல் விளம்பரம் இது. இந்தியில் அதன் முத்திரை வரி 'தாக் அச்சே ஹை'. தமிழில் 'கறை நல்லது'.

இந்தி வரி மூன்று சொல், அதுவும் பன்மை. சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'கறைகள் நல்லவையாக இருக்கின்றன' என்று வரும். பிழையில்லாத வாக்கியம்தான், ஆனால் அப்படி யாரும் பேசுவதில்லை. 'ஹை' என்பதற்கு ஈடாகத் தமிழில் வினைச்சொல் தேவையில்லை. பன்மையும் வேண்டாம், 'மாம்பழம் இனிக்கும்' என்றாலே எல்லா மாம்பழமும் அடங்கிவிடும். இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது ஆறே எழுத்து.

சுருக்கம் மட்டும் அல்ல. 'கஞ்சி நல்லது', 'எண்ணெய்க் குளியல் நல்லது' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்ட அச்சு அது. கஞ்சி இருந்த இடத்தில் கறை வந்து உட்காரும்போது காது திடுக்கிடுகிறது.

இதற்கு வெகுகாலம் முன்பே குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரம் இன்னும் கடினமான ஒரு வரியைத் தமிழாக்கியிருந்தது. 'ஹம் தோ, ஹமாரே தோ' என்ற இந்தி வரி 'நாம் இருவர், நமக்கு இருவர்' ஆனது. இதில் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

முதலாவது, 'ஹம்' என்ற ஒரே சொல் இந்தியில் நாம், நாங்கள் இரண்டையும் குறிக்கும். தமிழில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். 'நாங்கள்' என்றிருந்தால் ஒரு தம்பதி ஊருக்கு அறிவிப்பதுபோல் ஆகியிருக்கும். 'நாம்' என்றதும் கணவனும் மனைவியும் தமக்குள் பேசி முடிவெடுக்கும் வரியாகிவிட்டது. இரண்டாவது, 'தோ' என்பது வெறும் எண். தமிழில் மனிதரை எண்ணும்போது 'இரண்டு' என்பதைவிட 'இருவர்' மதிப்பானது. மூன்றாவது, 'ஹமாரே' என்றால் 'நம்முடைய'. ஆனால் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லும்போது 'எனக்கு ரெண்டு பிள்ளைங்க' என்பதுதான் நம் வழக்கு. அதனால் 'நமக்கு'. நாம், நமக்கு என்று மோனையும் தானாகவே அமைந்தது. பின்னாளில் ஒரு குழந்தையை வலியுறுத்த வேண்டி வந்தபோது கடைசிச் சொல்லை மட்டும் 'ஒருவர்' என்று மாற்றினால் போதுமாக இருந்தது.

சுவரில் படிக்க நன்றாக இருக்கும் வரி காதில் சறுக்குவதும் உண்டு. அதை அறிய, தாளைப் பார்க்காத ஒருவரிடம் வரியைச் சொல்லி, என்ன புரிந்தது என்று கேட்க வேண்டும். பேச்சில் ற, ர வேறுபாடு பலரிடம் இல்லாததால், 'கறை நல்லது' வேட்டியின் 'கரை நல்லது' என்றும் கேட்கும். துணி பற்றிய விளம்பரத்தில் இந்தக் குழப்பம் இன்னும் எளிது. தொலைக்காட்சியில் சேறு கண்ணுக்குத் தெரிவதால் சிக்கல் இல்லை. வானொலிக்கு எழுதுபவர் முந்தைய வரியிலேயே 'சேறு' என்ற சொல்லைக் கொண்டுவந்துவிட வேண்டும்.