சொம் போர்க்களம்: சில நிமிடங்களில் தோற்ற ஏழு நாள் குண்டுமழை

1916 ஜூன் 24. வடக்கு பிரான்ஸின் சொம் ஆற்றுப் பகுதியில் பிரிட்டிஷ் பீரங்கிகள் முழங்கத் தொடங்கின. ஏழு நாட்கள் ஓயவில்லை. ஏறத்தாழ 15 லட்சம் குண்டுகள் ஜெர்மானியர்களின் பதுங்குகுழிகள் மீது விழுந்தன. இத்தனைக்கும் பிறகு அங்கே யார் உயிரோடு இருக்கப் போகிறார்கள் என்று தளபதிகள் நம்பினார்கள். ஜூலை 1 காலை 7.30 மணிக்கு விசில் ஊதியதும் வீரர்கள் மேலேறி நடந்தார்கள். அன்று ஒரே நாளில் பிரிட்டிஷ் படைக்கு ஏற்பட்ட சேதம் 57,470 பேர். அதில் மாண்டவர்கள் மட்டும் 19,240.

எங்கே பிசகியது? அந்தப் பகுதி சுண்ணாம்புப் பாறை நிலம். ஜெர்மானியர்கள் அதைக் குடைந்து இருபது, முப்பது அடி ஆழத்தில் நிலவறைகள் அமைத்திருந்தார்கள். பிரிட்டிஷ் குண்டுகளில் பெரும்பாலானவை வானில் வெடித்து ஈயக்குண்டுகளைச் சிதறடிப்பவை. திறந்தவெளியில் நிற்கும் ஆட்களை அவை கொல்லும். நிலவறையைத் தொடாது, முள்கம்பி வேலியையும் சரியாக அறுக்காது. வெடிக்காமலே மண்ணில் புதைந்தவையும் ஏராளம்.

மீதியை நேரம் முடிவு செய்தது. தம் வீரர்கள் மீதே குண்டு விழுந்துவிடாதிருக்க, தாக்குதல் தொடங்கும்போது பீரங்கிகள் இலக்கைப் பின்னால் தள்ளியாக வேண்டும். முன்வரிசையில் சத்தம் அடங்கியதுமே ஜெர்மானியர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. படியேறி வந்து இயந்திரத் துப்பாக்கியை நிறுத்த அவர்களுக்குச் சில நிமிடங்கள் போதும். முதுகில் சுமையோடு சில நூறு மீட்டர் கடப்பதற்கு எதிரில் வந்தவர்களுக்கு அதைவிட அதிக நேரம் பிடித்தது. நிமிடத்துக்குச் சுமார் 500 தோட்டாக்களைக் கக்கும் அந்தத் துப்பாக்கிகள் பக்கவாட்டிலிருந்து சுட்டதால், ஒரு வரிசையே அப்படியே சரிந்தது. முள்கம்பியில் இருந்த ஓரிரு இடைவெளிகளை நோக்கி ஓடியவர்கள் அங்கேயே குவியலாக விழுந்தார்கள்.

தெற்குப் பகுதியில் கதை வேறு. பிரெஞ்சுப் படையும் அதை ஒட்டி நின்ற பிரிட்டிஷ் பிரிவுகளும் முன்வரிசையைப் பிடித்துவிட்டன. ஆனாலும் அந்த வெற்றி வளரவில்லை. இந்தப் போரின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது என்பேன். முன்னேறியவர்களிடம் தூக்கிச் செல்லும்படியான வானொலி கிடையாது. தொலைபேசிக் கம்பிகளோ குண்டுகளில் அறுந்துபோயின. செய்தியை ஆள்தான் ஓடிக் கொண்டுபோக வேண்டும், வழியில் அவனும் விழுவான். பீரங்கிகளை முன்னே நகர்த்தலாமென்றால், சொந்தக் குண்டுகளே நிலத்தைக் குழிகுழியாக்கி வைத்திருந்தன. எதிர்த்தரப்புக்கு அந்தத் தடை இல்லை. பின்னால் சிதையாமல் இருந்த ரயில் பாதைகளில் புதிய படைகள் வந்து இறங்கின, அடுத்த பதுங்குகுழி தயாரானது. ஆக, உடைத்தவன் நடந்து வந்தான். அடைத்தவன் ரயிலில் வந்தான்.

நவம்பர் 18 வரை நீடித்த சொம் போரில் இரு தரப்பிலும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள் அல்லது காயமடைந்தார்கள். நேச நாடுகள் முன்னேறிய தூரம் அதிகபட்சம் 10 கிலோமீட்டர் அளவுதான்.

தளபதிகளின் மூடத்தனம் என்று மட்டும் சொல்லி இதை முடித்துவிட முடியாது. விடை கிடைக்க 1918 ஆக வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 8 அன்று அமியான் நகருக்குக் கிழக்கே, நாள் கணக்கில் குண்டு பொழிந்து எதிரியை முன்கூட்டியே எச்சரிக்காமல், 500க்கும் மேற்பட்ட டாங்குகளோடு நேச நாடுகள் திடீரெனத் தாக்கின. அன்று ஒரே நாளில் 10 கிலோமீட்டருக்கு மேல் முன்னேறினார்கள்.