சீனிக்குப் பதில் பனங்கட்டியா?

உடல் பருத்துவிட்டதென்று வெள்ளைச் சீனியை விலக்கிப் பனங்கட்டிக்கும் தேனுக்கும் மாறியோர் நம்மிடையே பலர் உளர். இம்மாற்றத்தாற் கொழுப்புக் குறையுமா என்பதை நாம் சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம்.

நாளொன்றுக்கு ஐந்து கோப்பை தேநீர் பருகும் ஒருவர், கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி இடுகிறார் எனக் கொள்வோம். மட்டமாக அளந்த ஒரு கரண்டி ஏறத்தாழ 4 கிராம். ஆகவே, அவர் உட்கொள்வது 40 கிராம். அதனால் உண்டாகும் சத்தி ஏறக்குறைய 160 கலோரி. இவர் சிவப்புச் சீனிக்கு மாறினால் என்ன நிகழும்? அது கருப்பஞ்சாற்றுப் பாகு சிறிதளவு ஒட்டிய சீனியே. ஆதலால், எடைக்கு எடை கலோரி ஏறத்தாழ ஒன்றே. பனங்கட்டியும் பெரும்பாலும் சீனியே. அதிலுள்ள இரும்பு முதலிய உப்புகள் உண்மையே. எனினும், அவை கொழுப்பைக் கரைப்பனவல்ல.

தேனின் செய்தி சற்று வேறு. அதில் நீர் கலந்திருப்பதால் எடைக்கு எடை கலோரி குறைவு. ஆனால், நாம் நிறுத்து ஊற்றுவதில்லை, கரண்டியாலன்றோ ஊற்றுகிறோம்! தேன் அடர்த்தி மிக்கது. ஒரு தேக்கரண்டித் தேன் ஏறத்தாழ 7 கிராம், 21 கலோரி. சீனிக் கரண்டியோ 16 கலோரி. கரண்டிக்குக் கரண்டி மாற்றியவர் கூடுதலாகவே உண்கிறார்.

தவறு நேரும் இடம் இன்னொன்றுண்டு. சீனியைக் கரண்டியால் அளக்கும் நாம், பனங்கட்டியைக் கடித்துக்கொண்டே தேநீர் பருகுகிறோம். ‘இது நல்லதுதானே’ என்று இன்னொரு துண்டையும் எடுக்கிறோம். ஒரு நாளைக்குரிய பனங்கட்டியைக் காலையிலேயே தராசில் நிறுத்துத் தனியே வைத்துப் பாருங்கள். மாலையில் எவ்வளவு மிஞ்சுகிறது, அல்லது போதாமற் போகிறது என்பதிலேயே உண்மை விளங்கும்.

மேற்கூறியவர் இனிப்பின் வகையை மாற்றாது, கோப்பைக்கு ஒரு கரண்டியாகக் குறைத்தால் நாளொன்றுக்கு 80 கலோரி மிஞ்சும். வேறு பண்டத்தால் அதனை ஈடுசெய்யாதிருந்தால், மூன்று மாதங்களில் ஒரு கிலோ வரை எடை குறைய இடமுண்டு. உடல் புதிய அளவுக்குப் பழகிக்கொள்ளுமாதலால், உண்மையிற் குறைவது இதனினும் சிறிதாகலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டலும், தேனைச் சேர்க்கப்பட்ட சீனியோடு ஒன்றாகவே எண்ணுகிறது. 2000 கலோரி உண்பவருக்கு இவையெல்லாம் சேர்ந்து 50 கிராமுக்குட்பட வேண்டும். 25 கிராமாயின் இன்னும் நன்று.

நீரிழிவு உள்ளோர் இதனைச் சிறப்பாக மனங்கொள்ளுதல் வேண்டும். பனங்கட்டியும் தேனும் அவர்தம் குருதியிற் சர்க்கரையை ஏற்றுவனவே. சுவைக்காகப் பனங்கட்டியை விரும்புவோர் தாராளமாக அதனையே உண்க. அளவை மட்டும் சீனியைப் போலவே எண்ணுக.