எந்தத் தலைப்பு ஜெயித்தது?

அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தின் ஜிரார்ட் என்ற சிற்றூரிலிருந்து, ஹால்டெமன்-ஜூலியஸ் என்ற பதிப்பாளர் 5 சென்ட் விலையில் கையடக்கப் புத்தகங்களை விற்றுவந்தார். நாளிதழில் பக்கம் முழுக்கப் புத்தகப் பெயர்களை மட்டும் அடுக்கி விளம்பரம் கொடுப்பார். அட்டைப்படமோ அறிமுக உரையோ கிடையாது. வாங்குகிறவர் பெயரை மட்டும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அந்தப் பட்டியலில் பிரெஞ்சு எழுத்தாளர் கோதியேயின் ‘தங்கக் கம்பளி’ என்ற கதை 1925இல் 6,000 பிரதிகள் விற்றது. அடுத்த ஆண்டு அதன் பெயரை ‘பொன்னிறக் கூந்தல் காதலியைத் தேடி’ என்ற பொருள்பட மாற்றினார். விற்பனை 50,000 ஆனது. கதையும் அதைப் பற்றியதுதான் என்பதால் பெயர் யாரையும் ஏமாற்றவில்லை.

தலைப்புக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை. ஆனாலும் இதில் ஒரு ஓட்டை உண்டு. பழைய பெயர் ஓர் ஆண்டிலும் புதிய பெயர் மறு ஆண்டிலும் விற்றன. இடையில் வாசகர்களின் கையிருப்பு மாறியிருக்கலாம், விளம்பரம் வேறு இதழ்களில் வந்திருக்கலாம். உயர்வு எட்டு மடங்கு என்பதால் இங்கே சந்தேகம் பெரிதாக எழவில்லை. அதுவே 6,000 என்பது 6,600 ஆகியிருந்தால், காரணம் பெயர்தான் என்று யாராலும் அடித்துச் சொல்லியிருக்க முடியாது.

இன்று இணைய இதழ்களில் நடக்கும் ஏ-பி டெஸ்ட் இந்த ஓட்டையை அடைக்கத்தான். ஒரே கட்டுரைக்கு இரண்டு தலைப்புகள். பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொருவருக்கும் இரண்டில் ஒன்றைக் கணினி குலுக்கல் முறையில் காட்டும். நாள், நேரம், படம், பக்கத்தில் இருக்கும் இடம் எல்லாமே இரண்டுக்கும் ஒன்றுதான். காலையில் ஒரு தலைப்பு, மாலையில் இன்னொன்று என்று மாற்றிப் பார்ப்பது டெஸ்ட் ஆகாது. காலையில் அவசரமாக வருகிறவரும் இரவில் சாவகாசமாக வருகிறவரும் வேறு வேறு வாசகர்கள்.

மின் கட்டணம் பற்றிய ஒரு கட்டுரையை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்பில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், அதற்குக் கீழே உள்ள சில யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து ஏறும் என்பதை விளக்கும் கட்டுரை அது. முதலில் தோன்றும் தலைப்பு ‘மின் கட்டணத்தைக் கணக்கிடுவது எப்படி?’ என்பதாக இருக்கும். அதையே ‘மின் கட்டணம் எவ்வாறு கணக்கிடப்படுகிறது?’ என்று மாற்றினால் இரண்டாவது தலைப்பு கிடைத்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அது அதே தலைப்புதான், உடுப்பு மட்டும் வேறு. வாசகர் உள்ளே வருவதற்கான காரணம் மாறினால்தான் தலைப்பு மாறியதாகப் பொருள். ‘500 யூனிட்டைத் தாண்டினால் பில் ஏன் எகிறுகிறது?’ என்பது ஓர் எண்ணைக் காட்டி இழுக்கிறது. ‘ஏசி போடாமலே பில் கூடிவிட்டதா?’ என்பது வாசகரின் சொந்த வீட்டைத் தொடுகிறது. ‘ஈ.பி. பில்லில் ஒளிந்திருக்கும் ரகசியம்’ என்பது ஆவலைக் கிளப்புகிறது. மூன்றும் மூன்று வேறு யூகங்கள். எது ஜெயித்தாலும் நமக்கு ஏதோ ஒன்று தெரியவரும்.

2012இல் தொடங்கிய அப்வொர்த்தி என்ற அமெரிக்க இணையதளம், ஒவ்வொரு பதிவுக்கும் 25 தலைப்புகளை எழுதிப் பார்ப்பதை வழக்கமாக வைத்திருந்தது. நான் இதை முழு மனதோடு ஆதரிக்கிறேன். முதல் பத்தில் வழக்கமானவை எல்லாம் தீர்ந்துபோகும். அதற்கு மேல் எழுத வேண்டுமானால் கட்டுரையை மறுபடி படித்தாக வேண்டும். அப்போதுதான் நடுவில் புதைந்துகிடக்கும் 500 யூனிட் கண்ணில் படும்.

எழுதுவதைவிடக் கடினம் தீர்ப்புச் சொல்வது. 500 யூனிட் தலைப்பும் ஏசி தலைப்பும் தலா 5,000 பேருக்குக் காட்டப்பட்டன என்று வையுங்கள். முதலாவதற்கு 100 க்ளிக், இரண்டாவதற்கு 120. ‘ஏசி 20 சதவீதம் மேல்!’ என்று அலுவலகத்தில் கைதட்டல் எழும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். இரண்டும் சமமான எண்ணிக்கையில் காட்டப்பட்டு, க்ளிக் விகிதம் சில சதவீதம் மட்டுமே இருக்கும்போது கைக்கணக்கு ஒன்று உதவும். மொத்தக் க்ளிக்குகளின் வர்க்கமூலத்தை எடுத்து இரண்டால் பெருக்குங்கள். இங்கே மொத்தம் 220, வர்க்கமூலம் 15க்குச் சற்றுக் குறைவு, இரட்டித்தால் ஏறக்குறைய 30. வித்தியாசம் அதைத் தாண்டவில்லை, வெறும் 20தான். இரண்டு தலைப்பும் சம பலம் கொண்டவையாக இருந்தால்கூட இப்படியொரு இடைவெளி தற்செயலாக வந்துபோகும். அதே விகிதம் தலா 20,000 பேரிடம் நீடித்தால் கதை வேறு. 400க்கு 480, வித்தியாசம் 80, தாண்ட வேண்டிய வரம்பு சுமார் 59. இப்போது தாராளமாகக் கைதட்டலாம்.

இந்தக் கணக்கைத் தெரிந்தவர்களும் தவறும் இடம் ஒன்று உண்டு. மேலே சொன்ன டெஸ்டில் காலை 11 மணிக்கு ஏசி 40, எதிரணி 24 என்று இருந்திருக்கலாம். மொத்தம் 64, வர்க்கமூலம் 8, வரம்பு 16, வித்தியாசமும் 16. வரம்பைத் தொட்டாயிற்று என்று டெஸ்டை அங்கேயே நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாமல் விட்டிருந்தால் இரவில் அது 120க்கு 100 ஆகி, வரம்புக்குள் சுருங்கியிருக்கும். சமமான இரண்டு தலைப்புகள் இந்த வரம்பைத் தற்செயலாகத் தாண்டும் வாய்ப்பு இருபதில் ஒன்று. அது ஒரே ஒரு முறை பார்ப்பவருக்கான கணக்கு. மணிக்கொரு தரம் எட்டிப் பார்த்து, சாதகமான நேரத்தில் நிறுத்துகிறவருக்கு அந்த வாய்ப்பு பல மடங்கு ஏறிவிடும். ஆகவே எத்தனை பேருக்குக் காட்டிய பிறகு எண்ணிப் பார்ப்பது என்பதைத் தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். நான்கைந்து தலைப்புகளை ஒன்றாகப் போட்டாலும் இதே சிக்கல்தான். முந்தி வரும் இரண்டை மட்டும் வைத்துப் புதிதாக இன்னொரு சுற்று நடத்துவது நல்லது.

குலுக்கல் ஒழுங்காக நடந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். பாதிக்குப் பாதி என்று அமைத்தது 5,600க்கு 4,400 என்று வந்தால் கருவியில் கோளாறு, அந்த முடிவைத் தூக்கிப் போட வேண்டியதுதான். அப்வொர்த்தி நடத்திய 32,487 சோதனைகளின் தரவுகள் ஆய்வாளர்களுக்காக வெளியிடப்பட்டன. அவற்றிலும் ஒரு பகுதியில் குலுக்கல் சரியாக நடக்கவில்லை என்று பின்னால் தெரியவந்தது.

க்ளிக்கை மட்டும் எண்ணினால் ‘ரகசியம்’ தலைப்பு முந்திவிடக்கூடும். ஆனால் கட்டுரையில் ரகசியம் எதுவும் இல்லை, மின்வாரியமே வெளியிட்ட கட்டணப் பட்டியல்தான் இருக்கிறது. வந்தவர்கள் எவ்வளவு நேரம் இருந்தார்கள், கடைசிப் பத்திவரை வந்தார்களா என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும். க்ளிக் அதிகமாகவும் படித்து முடித்தவர்கள் குறைவாகவும் உள்ள தலைப்பை நான் தோற்றதாகவே எண்ணுவேன். வாசகரிடம் ஒன்றைச் சொல்லி அழைத்துவந்து வேறொன்றைக் கொடுத்திருக்கிறோம்.

சிறிய இதழ்களுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. க்ளிக் விகிதம் 2 சதவீதத்திலிருந்து 2.2 ஆவதை நம்பிக்கையோடு கண்டுபிடிக்க ஒவ்வொரு தலைப்பையும் சுமார் 80,000 பேருக்குக் காட்ட வேண்டும். நாளைக்குப் பத்தாயிரம் பேர் வரும் தளத்தில் அதற்குள் செய்தியே பழசாகிவிடும். அங்கே நுணுக்கமான சொல் மாற்றங்களைச் சோதிப்பது வீண். அடியோடு வேறுபடும் தலைப்புகளை மட்டும் மோதவிட்டு, சமன் என்று வந்தால் சமன் என்றே குறித்து வைத்து, கட்டுரைக்கு நேர்மையான தலைப்பை ஆசிரியர் தேர்ந்தெடுக்கலாம். அந்தக் குறிப்பேடு வளர வளரப் பயன் தரும். அப்வொர்த்தி தரவிலிருந்து செய்திகள் தொடர்பான சுமார் 1,05,000 தலைப்புகளை ஒன்றுசேர்த்து 2023இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது, சராசரி நீளமுள்ள தலைப்பில் எதிர்மறைச் சொல் ஒன்று கூடினால் க்ளிக் விகிதம் 2.3 சதவீதம் உயர்வது தெரிந்தது. அதாவது 100 க்ளிக் வர வேண்டிய இடத்தில் 102. அவ்வளவு சிறிய வித்தியாசத்தைத் தனியொரு டெஸ்டில் யாராலும் பார்த்திருக்க முடியாது.