34 பெயர்களும் ஒரு கதவு வெளிச்சமும்

ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்த அந்தத் தம்பி, மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் தேர், கலியாணம், சடங்கு வீடு என்று எட்டு வருடமாகக் கேமரா தூக்குகிறவர். கொழும்பிலும் சென்னையிலும் உள்ள தயாரிப்பு நிறுவனங்களுக்கு அனுப்பவென்று தன்னைப் பற்றி ஒரு புரொஃபைல் செய்திருந்தார். நான்கு பக்கங்களில் 34 வேலைகளின் பெயர்கள் இருந்தன. பதினோரு இடங்களுக்கு அனுப்பியும் பதில் வராததால் என்னிடம் கொண்டுவந்தார்.

‘வகை’ என்ற இடத்தில் காதல், திகில், ஆவணப்படம், விளம்பரம், பாடல், கலியாணம் எல்லாம் இருந்தன. ‘வேலை செய்யும் விதம்’ என்ற இடத்தில் ‘முழு ஈடுபாட்டுடனும் நேரம் தவறாமலும்’ என்று ஒரே ஒரு வரி. பதில் வராததற்குக் காரணம் அந்த வரிதான் என்று எனக்குப் பட்டது. ஒளிப்பதிவாளரைத் தேடுகிறவர் அந்த இடத்தில்தான் நின்று வாசிப்பார். இந்த ஆள் எத்தனை பேரோடு வருவார், எவ்வளவு விளக்கு கேட்பார், எந்த வெளிச்சத்தில் இவர் கை தேர்ந்தது என்பதெல்லாம் அவருக்குச் செலவுக் கணக்கு. எண்ணிக்கை நீளமாக இருந்தால்தான் நம்பிக்கை வரும் என்று சொல்கிற தயாரிப்பாளர்களும் உண்டு. அவர்களை நான் மறுக்கவில்லை.

தம்பிக்கு பாலு மகேந்திராவின் பட்டியலைப் போட்டுக் காட்டினேன். மட்டக்களப்பு அமிர்தகழியில் 1939இல் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தவர். ‘நெல்லு’ (1974) மலையாளம், இயக்கம் ராமு காரியாட், ஒளிப்பதிவு இவர். ‘கோகிலா’ (1977) கன்னடம், இயக்கமும் ஒளிப்பதிவும் இவர். ‘முள்ளும் மலரும்’ (1978) தமிழ், இயக்கம் மகேந்திரன், ஒளிப்பதிவு மட்டும் இவர். ‘சங்கராபரணம்’ தெலுங்கு, இயக்கம் கே. விஸ்வநாத், அங்கும் ஒளிப்பதிவு மட்டும். மணிரத்னத்தின் முதல் படமான ‘பல்லவி அனுபல்லவி’ (1983) கன்னடம், அதற்கும் இவர்தான் கேமரா. ‘வீடு’ படத்தில் இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு மூன்றும் இவருடையவை.

ஒவ்வொரு வரியிலும் மொழி மாறுகிறது, இயக்குநர் மாறுகிறார். ஆனால் அவர் அங்கே என்ன வேலை செய்தார் என்பதில் குழப்பமே இல்லை. அதோடு, கிடைக்கிற இயற்கை வெளிச்சத்தை நம்பிப் படமெடுக்கும் பழக்கம் படத்துக்குப் படம் கூடவே வருகிறது. பட்டியலை வாசித்தவர் இவரை எதற்குக் கூப்பிடலாம், எதற்குக் கூப்பிடக்கூடாது என்று தெரிந்துகொள்வார்.

“நாலஞ்சு பேரு மட்டும் போட்டா வேலை தெரியாதவன்னு நெனைக்க மாட்டாங்களா அண்ணே?” என்றார் தம்பி.

34இல் அவர் கையாலேயே ஒளிப்பதிவு செய்தவை எத்தனை என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணி ஆறு என்றார். மற்றவற்றில் சிலதில் இரண்டாவது கேமரா, சிலதில் ட்ரோன், ஒரு குறும்படத்தில் லைட் பிடித்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் நேரே ‘ஒளிப்பதிவு’ என்றே எழுதியிருந்தார். அந்தக் குறும்படத்தின் இயக்குநரை யாராவது கூப்பிட்டு விசாரித்தால், உண்மையான ஆறும் சேர்ந்தே பொய்யாகிவிடும்.

பிறகு அவருடைய ஷோரீலைப் பார்த்தோம். மூன்று நிமிடம், பாட்டுக்குத் தாளம் தப்பாமல் வெட்டியது, பாதிக்கு மேல் ட்ரோன். சிகிரியாவை எட்ட நின்று மேலேயிருந்து எடுத்த காட்சி இந்த மாவட்டத்தில் யார் ரீலைத் திறந்தாலும் இருக்கிறது. அதை வைத்து ஆளை அடையாளம் காண முடியாது. நடுவில் பன்னிரண்டு விநாடி மட்டும் ஒரு லயக் காம்பரா. வாசல் ஓரத்தில் ஒரு பாட்டி அரிசி புடைக்கிறார். அந்த இடத்தில் நான் நிறுத்தச் சொன்னேன்.

லயக் காம்பராவில் படமெடுப்பது லேசான காரியமில்லை. ஒரு கதவு, ஒரு சின்ன ஜன்னல், புகை படிந்த சுவர். வெளியே வெயில் கொளுத்தும்போது கேமரா தானாக அளந்தால், கதவுக்கு வெளியே உள்ள தேயிலை அழகாக விழும். பாட்டியின் முகம் கரியாகிவிடும். முகத்துக்காகத் திறந்தால் கதவு வெள்ளையாக எரிந்துபோகும். விளக்கைக் கொண்டுபோய் எதிரே வைத்தால் முகம் தெரியும், ஆனால் அது லயமாக இருக்காது. தம்பி என்ன செய்தார் என்று கேட்டேன். பாட்டியைக் கதவிலிருந்து இரண்டு மூன்று அடி உள்ளே, வெளிச்சம் பக்கவாட்டில் படும்படி உட்காரவைத்திருக்கிறார். கேமராவில் கதவே தெரியாதபடி திருப்பி, மறுபக்கக் கன்னத்துக்கு ஒரு வெள்ளை ரெஜிஃபோம் பலகையைச் சாய்த்திருக்கிறார். முகத்துக்கு அளவு வைத்து, பின்சுவரை இருட்டிலேயே விட்டிருக்கிறார். உதவிக்கு வந்தது பாட்டியின் பேரன் மட்டும்.

இதையே எழுதச் சொன்னேன். ‘சிறிய வீடுகளுக்குள் கதவு, ஜன்னல் வெளிச்சத்தில் படமெடுப்பேன். மூன்று பேர் குழு. ஒரு எல்.ஈ.டி. விளக்கு, இரண்டு பலகை. மின்சாரம் இல்லாத இடத்திலும் வேலை நடக்கும்.’ ரீலில் அந்தக் காட்சியைத் தொடக்கத்துக்குக் கொண்டுவந்து, தூரத்து ஷாட்டையும் முகத்து ஷாட்டையும் பாட்டு இல்லாமல் அடுத்தடுத்து வைத்தோம். இரண்டிலும் மூக்கின் நிழல் ஒரே பக்கம் விழுகிறதா, தோலின் நிறம் மாறாமல் இருக்கிறதா என்றுதான் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள். பாட்டுக்கு வெட்டிய ரீலில் இவை பொருந்தாத குறை மறைந்துவிடும். அதனாலேயே அப்படி வெட்டிய ரீலை அவர்கள் நம்புவதில்லை.

இன்னொரு வரியும் சேர்த்தோம். நம் நாடு நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் இருப்பதால் சூரியன் நேராக இறங்கும்; பொன்வெயில் அரை மணிக்குமேல் பெரிதாக நிற்காது. ரிவர்ஸ்டன் போன்ற இடத்தில் மலை மறைப்பும் மூடுபனியும் அதையும் சுருக்கிவிடும். ‘மாலை வெளிச்சத்தில் ஒரு நாளைக்கு ஒரு காட்சி மட்டுமே திட்டமிடுவேன்’ என்று எழுதினால், வெளியூர்க்காரர் தன் நாள் கணக்கை அதற்கேற்பப் போட்டுக்கொள்வார்.

எல்லாம் எழுதி முடித்தபோதுதான் என் மனதை அரிக்கிற விஷயம் வந்தது. அந்த ஆறில் மிக முக்கியமானது, 2023இல் மலையக மக்களின் 200 ஆண்டை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அந்த நடைபயணம். தம்புள்ளையிலிருந்து மாத்தளை வரையான வழியில் தம்பி இரண்டு நாள் கேமராவோடு நடந்திருக்கிறார். கார்டை அப்படியே படக்குழுவிடம் கொடுத்துவிட்டார். பிரதி எடுத்துவைக்கவில்லை. படம் வந்தது, இறுதியில் ஓடும் பெயர்களில் அவர் பெயர் இல்லை. யாரிடம் போய்க் கேட்பது என்றும் அவருக்குத் தெரியவில்லை.

தம்பி ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததில்லை இது. முன்னோர் கால்நடையாக வந்து ஏறிய வழியை அந்த வழியிலேயே பிறந்த பிள்ளை படமெடுக்கிறது. படமெடுத்தவர் யாரென்று அந்தப் படத்தில் எங்கும் இல்லை. இருபது வருடம் கழித்து யாராவது தேடினால், மாத்தளையில் தமிழ் ஒளிப்பதிவாளர் இருந்தார் என்பதற்கே சாட்சி இருக்காது.

இனி கேமராவைத் தூக்கும் முன்பு போனில் ஒரு செய்தி போடச் சொன்னேன். அதில் தன் பெயரின் எழுத்து, இறுதிப் பெயர்களில் வரவேண்டிய பொறுப்பு, படம் வெளியான பிறகு ஒரு நிமிடக் காட்சியை ரீலில் பயன்படுத்தும் அனுமதி மூன்றும் இருக்க வேண்டும். மற்றவர் ‘சரி’ என்று பதில் போட்டால் அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். கார்டைக் கொடுக்கும் முன்பு ஒரு பிரதி தன் ஹார்ட் டிஸ்க்கில் இருக்க வேண்டும். கூச்சமாக இருக்கிறது என்றார். கூச்சம்தான், ஆனால் கேட்டே ஆக வேண்டும் என்றேன்.

ஒரு பக்கத்துக்குச் சுருங்கிய புரொஃபைலைப் போன மாதம் அனுப்பினார். ஒரே ஓரிடத்திலிருந்து அழைப்பு வந்தது. லயக் காம்பரா காட்சி பிடித்திருக்கிறதாம். நடைபயணப் படத்தில் அவர் பெயர் வருகிற இடத்தைச் சொல்லும்படி கேட்டார்களாம். தம்பி உண்மையைச் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் முதலில் ஒரு நாள் இரண்டாவது கேமராவுக்கு வாருங்கள், பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். போகும் முன்பு அந்த மூன்று விஷயச் செய்தியை அவர்களுக்கும் அனுப்பிவிட்டதாக எனக்கு எழுதியிருந்தார்.