முக்கோணச் சுமை எங்கே அழுத்துகிறது?

இரு தூண்கள் தாங்கும் 6 மீட்டர் உத்தரத்தின் மேல் ஒரு செங்கல் சுவர் சரிவாக ஏறுகிறது. இடது முனையில் சுவரே இல்லை. வலது முனையில் எடை மீட்டருக்கு 1 டன். இந்த முக்கோணத்தின் பரப்புதான் மொத்தச் சுமை: 6-இல் பாதி, 3 டன்.

அதை ஒரே விசையாக எங்கே வைப்பது? நடுவில் அல்ல. முக்கோணத்தின் ஈர்ப்பு மையம் கனத்த முனையிலிருந்து நீளத்தின் மூன்றில் ஒரு பங்கில், அதாவது 2 மீட்டரில் இருக்கிறது. அதனால் வலது தூணுக்கு 2 டன், இடது தூணுக்கு 1 டன். தவறான முனையிலிருந்து அளந்தால் இந்தப் பங்கு தலைகீழாகிவிடும்.

ஆனால் உத்தரம் வளைவதைக் கணக்கிட இந்த ஒற்றை விசை உதவாது. அதை வைத்தால் வளைவுத் திருப்புத்திறன் 4 டன்-மீட்டர் என்று வரும். உண்மையான உச்சம் சுமார் 2.3 தான். அங்கே பரவிய சுமையையே எடுத்துக்கொள்ள வேண்டும்.