சொற்பொழிவைப் படக்கதையாக்குதல்: எச்சங்களும் கட்டங்களும்

ஒரு சொற்பொழிவைப் படக்கதையாக மாற்றும்போது பெரும்பாலோர் அதனைச் சுருக்கி, சுருக்கத்தைக் கட்டங்களுக்குப் பங்கிடுகின்றனர். அவ்வாறு அமைவது படம் சேர்ந்த சுருக்கமேயன்றிப் படக்கதையாகாது. தமிழ் வாக்கியத்தின் அமைப்பே கட்டங்களைப் பிரிக்கும் வழியைக் காட்டுகிறது என்பதையும், அவ்வழி எங்கே தடைப்படுகிறது என்பதையும் ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாக இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், ஏறத்தாழ 2.3 கி.மீ. ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஒசாகா, டர்ஹாம் பல்கலைக்கழக அறிஞர்களும் 1965இல் நியூட்ரினோ ஆய்வு நடத்தினர். சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. தங்கவயல் தமிழருக்கு இவ்வாய்வை விளக்கும் உரையொன்றில் பின்வரும் வாக்கியம் வருவதாகக் கொள்வோம்:

'வானிலிருந்து மியூவான் துகள்கள் இறங்கி, பாறையைத் துளைத்து, ஆற்றல் இழந்து, இடையிலேயே நின்றுவிடுவதால், ஆழத்தில் நிறுத்தப்பட்ட கருவியில் கிடைமட்டமாகப் பதியும் தடம் நியூட்ரினோ பாறையில் மோதித் தோற்றுவித்த மியூவானுடையதே ஆகும்.'

மேடையில் இவ்வாக்கியம் குரலேற்றத்தால் விளங்கிவிடும். தாளில் இதனைப் பிரிக்க வினையெச்சங்களே முதல் துணை. 'இறங்கி' ஒரு கட்டம். சுரங்கவாய்க் கோபுரத்தின் மேல் வானம். 'துளைத்து', 'இழந்து' என்பன இரண்டு எச்சங்களாயினும் ஒரே காலத்து நிகழ்ச்சிகள். ஆகவே அவை ஒரே கட்டத்தில், பாறைக்குள் செல்லச்செல்ல மெலியும் கோடாக அமையும். 'நின்றுவிடு' என்பது மூன்றாவது கட்டம். எனவே எச்சந்தோறும் ஒரு கட்டம் என்பதன்று விதி. காலம் நகரும் எச்சத்திற்கே கட்டம் உரியது.

பெயரெச்சம் கட்டமாவதில்லை. 'நிறுத்தப்பட்ட', 'பதியும்' என்பன படத்தின் உள்ளுறுப்புகளாகின்றன. துகள் பட்டால் ஒளிரும் பிளாஸ்டிக் தகடுகள் சுவர்போல் இருபுறமும் எதிரெதிரே நிற்பதும், அவற்றிடையே நியான் குழாய்கள் அடுக்கப்பட்டிருப்பதும் ஒரே பார்வையில் தெரியும். உரையாளருக்கு நான்கு வாக்கியம் தேவைப்படும் செய்தி இது.

தடை ஏற்படுவது 'ஆல்' உருபில். இரண்டு கட்டங்களுக்கு இடைப்பட்ட வெளி 'பிறகு' என்ற பொருளை எளிதில் தரும். 'ஆகவே' என்பதைத் தராது. இவ்வாய்விலோ முழுச் செய்தியும் அந்த 'ஆகவே'யில்தான் அடங்கியுள்ளது. அவ்வளவு ஆழத்தை மேலிருந்து எட்டும் மியூவான்கள் மிகச் சிலவே. அவையும் பெரும்பாலும் செங்குத்தாக வருபவை. பக்கவாட்டில் வருவது பன்மடங்கு பாறையைக் கடக்க வேண்டும், அது நடவாது. எனவே கிடைமட்டத் தடம் அண்மைப் பாறையிலேயே பிறந்ததாதல் வேண்டும். இந்த ஊகத்தைப் படம் சொல்லாது. விளக்கவரியில் அப்படியே எழுதினால் பாடநூல் திரும்பிவிடும். ஒரு தொழிலாளியின் பேச்சுக் குமிழில் 'மேலேர்ந்து வந்திருந்தா இது ஏன் குறுக்கே போவுது?' என வினாவாக வைத்து, விடையை அடுத்த கட்டத்தின் விளக்கவரிக்கு விடுவதே பொருத்தமானது. குமிழில் பேச்சுத்தமிழ், விளக்கவரியில் எழுத்துத்தமிழ் என்னும் பகுப்பும் இதனால் காரணத்தோடு அமைகிறது.

எதிர்மறை இன்னொரு தடை. 1960களின் தொடக்கத்தில் இதனினும் ஆழமான ஓரிடத்தில் ஏறத்தாழ இரண்டு மாதம் கருவி இயங்கியும் ஒரு துகளும் பதியவில்லை. மேலிருந்து வரும் துகள்களின் தொல்லை இல்லாத அவ்வாழமே நியூட்ரினோவைத் தேட ஏற்றது என்ற எண்ணம் இதனால் வலுப்பெற்றது. 'பதியவில்லை' என்பதை வரைய இயலாது. அசையாத எண்காட்டியை ஒரே அளவுள்ள மூன்று கட்டங்களில் மீண்டும் வரைந்து, சுவரிலுள்ள நாள்காட்டியை மட்டும் மாற்றினால் இன்மை நிகழ்ச்சியாகிவிடும். கதையோட்டத்தை இங்கிருந்து தொடங்குவதே என் கருத்து. உரையோ வழக்கமாக நியூட்ரினோவின் இலக்கணத்தில் தொடங்கும்; படக்கதை அவ்வரிசையைப் பின்பற்றினால், விடையை அறிந்தபின் வினாவைக் கேட்பதாக முடியும்.

வரையப்பட்டது கண்டதாகவே கொள்ளப்படும் என்பதும் எச்சரிக்கைக்குரியது. உரையாளர் 'எனக் கருதினர்' என்று ஊகத்தை வேறுபடுத்தலாம். கோட்டிற்கு அவ்வசதி இல்லை. கருவி கண்டது மியூவானின் தடத்தை மட்டுமே. நியூட்ரினோவையும் அதே தடித்த கோட்டால் வரைந்தால் ஊகம் காட்சியாகிவிடுகிறது. புள்ளிக்கோடு ஓரளவு உதவும். கருவி காட்டியவை யாவும் தடித்த கோடு என்னும் முறை தொடக்கம் முதல் பேணப்பட்டாலொழிய அதற்கும் பொருளில்லை. சரிபார்க்க எளிய வழி, விளக்கவரிகளை மறைத்துவிட்டு ஒருவரைக் கதை சொல்லச் செய்வது. 'நியூட்ரினோ வந்து கருவியில் விழுந்தது' என்று அவர் கூறுவாராயின், திருத்த வேண்டியது படத்தையே. விளக்கவரியை நீட்டிப் பயனில்லை.