சிரிப்பு வராவிட்டாலும் உரை நிற்கக் கூடாது

2012 ஜனவரி 24. அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் கூடியிருக்க, அதிபர் பராக் ஒபாமா தமது ஆண்டு உரையை ஆற்றிக்கொண்டிருந்தார். வேண்டாத விதிகளை அரசு நீக்கிவருவதைச் சொல்லும் இடம் வந்தது. பாலையும் எண்ணெய்க் கணக்கில் சேர்த்திருந்த 40 ஆண்டுப் பழைய விதி ஒன்றை எடுத்துக்காட்டினார். பால் கொட்டினால் பரவாமல் தடுக்க முடியும் என்று நிரூபிப்பதற்கே சில பண்ணைக்காரர்கள் ஆண்டுக்கு 10,000 டாலர் செலவழிக்க நேர்ந்திருக்கும் என்றார். அடுத்து வந்தது நகைச்சுவை: இப்படியொரு விதி இருந்தால், சிந்திய பாலுக்காக அழுவதிலும் நியாயம் இருக்கிறது.

சிந்திய பாலுக்காக அழுது பயனில்லை என்ற ஆங்கிலப் பழமொழியைத் திருப்பிப் போட்ட வரி அது. அவையில் கொஞ்சம் சிரிப்பு எழுந்தது, கூடவே, "இது ஒரு ஜோக்கா!" என்பதுபோல முனகலும் கேட்டது.

ஆனால் உரை தடுமாறவில்லை. கொட்டும் பாலைப் பண்ணைக்காரரே பார்த்துக்கொள்வார், அதற்கு மத்திய அரசின் கண்காணிப்பு தேவையில்லை என்று ஒபாமா தொடர்ந்தார், கைதட்டல் கிடைத்தது. எண்ணெய் நிறுவனங்களை மட்டும் அப்படி விட்டுவிட முடியாது என்று, மெக்சிகோ வளைகுடாவில் 2010-இல் நடந்த எண்ணெய்க் கசிவுக்குப் போனார். பாலிலிருந்து எண்ணெய்க்குப் போகும் வழி ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. யாரும் சிரிக்காவிட்டாலும் அந்த வழி அப்படியேதான் இருந்திருக்கும். கேலிக்கு ஆளானதும் ஒரு பழைய விதிதான். அவையில் யார் முகமும் சுருங்க வேண்டியிருக்கவில்லை.

இதே அமைப்பை நம் ஊர் மேடைக்கும் கொண்டுவரலாம். ஒரு கிளை நூலகத்தின் ஆண்டு விழா அறிக்கையை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். "எங்கள் நூலகத்தில் கதைப் புத்தகங்களைத்தான் அதிகம் எடுக்கிறார்கள். ஆனால் எல்லோரும் தவறாமல் திறக்கும் புத்தகம் ஒன்றுதான்: வருகைப் பதிவேடு. அந்தப் பதிவேட்டின்படி, சென்ற ஆண்டு மாணவர் வருகை கூடியிருக்கிறது."

முதல் வாக்கியம் தகவல். இரண்டாவது நகைச்சுவை. மூன்றாவது, 'பதிவேடு' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு மறுபடி தகவலுக்கு வந்துவிடுகிறது.

இங்கே தமிழ் வாக்கிய அமைப்பையும் கவனிக்க வேண்டும். "வருகைப் பதிவேட்டைத்தான் எல்லோரும் தவறாமல் திறக்கிறார்கள்" என்று எழுதினால் குட்டு தொடக்கத்திலேயே உடைந்துவிடும். வினைச்சொல் வந்து முடிவதற்குள் சிரிப்பு ஆறிப்போகும். அதனால்தான் சிரிக்கவைக்கும் சொல் கடைசிக்குப் போகிறது. பிரதியில் அதன் பக்கத்தில் ஒரு சாய்கோடு போட்டுக்கொண்டால் போதும். அங்கே ஒரு மூச்சு நேரம் நிறுத்த வேண்டும். '(சிரிப்பு)' என்று எழுதிவைத்தால், வாசிப்பவர் அந்தச் சிரிப்புக்காகக் காத்து நின்றுவிடுவார். "இப்போது ஒரு ஜோக் சொல்கிறேன்" என்ற முன்னறிவிப்பும் கூடாது. சொல்லாமல் வந்த நகைச்சுவை எடுபடாவிட்டால், அது இன்னொரு வாக்கியமாகக் கடந்துபோய்விடும். அடுத்த பத்தி மறைந்த உறுப்பினருக்கான அஞ்சலி என்றால், வரி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதை வேறிடத்துக்கு மாற்றத்தான் வேண்டும்.

சரி, அரங்கம் சிரிக்கவில்லை. அப்போது பேச்சாளர் கூட்டத்தின் முகத்தைப் பார்க்க வேண்டும். பின்வரிசையில் ஒருவரையொருவர் திரும்பி "என்ன சொன்னார்?" என்று கேட்டுக்கொண்டால், குறை மைக்கில் இருக்கலாம். மைக்கைச் சரிசெய்துகொண்டு அடுத்த தகவலைத் தெளிவாகச் சொன்னால் போதும். கண்கள் எல்லாம் மேடைமேலேயே இருந்தால், கேட்டும் சிரிப்பு வரவில்லை என்று பொருள். இரண்டிலும் நகைச்சுவையைத் திரும்பச் சொல்வதோ விளக்குவதோ உதவாது. "யாரும் சிரிக்கலையே?" என்று கேட்டால், கவனிக்காமல் இருந்தவரும் அந்த மௌனத்தைக் கவனித்துவிடுவார். பதற்றத்தில் வேகம் கூடுவதும் காட்டிக்கொடுக்கும். அதே குரல், அதே நிதானம், அடுத்த வாக்கியம்.

மௌனத்தையே சிரிப்பாக மாற்றத் தெரிந்தவர்களும் உண்டு. 1962 முதல் 1992 வரை 'தி டுநைட் ஷோ'வை நடத்திய ஜானி கார்சன் அதற்குப் பேர்போனவர். தொடக்கப் பேச்சில் ஒரு ஜோக் விழுந்துவிட்டால் அவர் முகம் போகும் போக்கைப் பார்த்தே கூட்டம் சிரிக்கும். சில நாட்களில் வாத்தியக்குழு 'டீ ஃபார் டூ' மெட்டைத் தொடங்க, அவர் இரண்டு அடி ஆடிக்காட்டுவார். ஆனால் சிரிக்கவே வந்து உட்கார்ந்த கூட்டம் அது. இரவுக்கிரவு பார்த்துப் பழகிய முகமும்கூட. நூலக அறிக்கை வாசிப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர் நம்பியிருப்பது மூன்றாவது வாக்கியத்தை.

அந்த வாக்கியம் தாங்குமா என்பதை முதல் நாளே பார்த்துவிடலாம். நகைச்சுவை வரிமேல் பென்சிலால் கோடு போட்டுவிட்டு, மற்றதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். நூலக அறிக்கையில் அப்படிச் செய்தால் 'அந்தப் பதிவேட்டின்படி' என்பதில் 'அந்த' மட்டும் தொங்கும். அதை 'வருகைப் பதிவேட்டின்படி' என்று மாற்றிவிட்டால், வரி இருந்தாலும் எடுத்தாலும் அறிக்கை ஓடும்.